நன்றி சொல்லப் போய்...

வெளிநாட்டில் முதுகலை படிக்க இடம் கிடைத்ததும் போடப்படும் பதிவுக்கு ஒரு வாய்ப்பாடு இருக்கிறது. முதல் வரியில் கனவு நனவாகும். இரண்டாவது வரியில் பல்கலைக்கழகத்தின் பெயர் வரும். பிறகு அம்மா, அப்பா, ஆசிரியர்கள், நண்பர்கள் என்று வரிசையாக நன்றி, கடைசியில் சேர்க்கைக் கடிதத்தின் படம். பத்து நிமிடத்தில் எழுதி முடிக்கிற காரியம் என்பதால் இதை யாரும் எழுத்தாகவே நினைப்பதில்லை. விண்ணப்பக் கட்டுரையை ஏழெட்டு முறை திருத்தியவர்கள்கூட இதை ஒரு தடவை திரும்பப் படித்துப் பார்ப்பதில்லை. அந்தக் கட்டுரையைச் சேர்க்கைக் குழுவில் நாலைந்து பேர் படித்திருப்பார்கள். இந்தப் பதிவை யார் யார் படிப்பார்கள் என்பது எழுதியவருக்கே தெரியாது. சேர்க்கை அலுவலகம், விசா அதிகாரி, பரிந்துரைக் கடிதம் கொடுத்த பேராசிரியரின் சக ஆசிரியர்கள், அடுத்த வருடம் அதே பேராசிரியரிடம் கடிதம் கேட்கப் போகும் ஜூனியர்கள், புதிதாக வெளிநாடு போகிறவர்களைத் தேடித் திரியும் மோசடிக்காரர்கள் என்று எல்லோருக்கும் அது திறந்தே கிடக்கிறது.

இப்படிப்பட்ட பதிவுகளில் அடிக்கடி தென்படும் வரிகளை எல்லாம் ஒன்றாகக் கோத்தால் ஒரு மாதிரி வடிவம் கிடைக்கும். அதையே எடுத்துக்கொள்வோம்:

“கனவு நனவாகிவிட்டது! வரும் செப்டம்பரில் இங்கிலாந்தில் தரவு அறிவியல் முதுகலை படிக்கப் போகிறேன், அதுவும் ஸ்காலர்ஷிப்புடன்! நானே எழுதிக் கொடுத்த பரிந்துரைக் கடிதத்தில் ஒரு வார்த்தைகூட மாற்றாமல் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த துறைத்தலைவருக்கு நன்றி, என்மேல் அவ்வளவு நம்பிக்கை! ராத்திரியெல்லாம் விழித்திருந்து என் எஸ்ஓபியை எழுதித் தந்த அக்காவுக்கு நன்றி. பேங்க்கில் காட்டுவதற்குப் பணம் புரட்டிக் கொடுத்த சித்தப்பாவுக்கு நன்றி. அம்மா அப்பா இல்லாமல் நான் இல்லை. என்னால் முடியாது என்று சொன்னவர்களுக்கும் நன்றி!”

கீழே கடிதத்தின் படம். எழுதியவர் மனதில் கள்ளம் எதுவும் இல்லை. மனம் நிறைந்துதான் எழுதியிருக்கிறார். ஆனால் அந்த நிறைவிலேயே, பல்கலைக்கழகம் சேர்க்கையை ரத்து செய்ய இரண்டு காரணங்களையும், விசா அதிகாரி சந்தேகப்பட ஒரு காரணத்தையும் தன் கைப்பட எழுதித் தந்துவிட்டார்.

கிடைத்தது எது?

முதல் வரியிலிருந்தே தொடங்கலாம். “படிக்கப் போகிறேன்” என்கிறார். கையில் இருக்கும் கடிதத்தைப் படித்தால், இறுதிப் பருவத் தேர்வில் இத்தனை விழுக்காடு எடுக்க வேண்டும், ஆங்கிலத் தேர்வில் இத்தனை மதிப்பெண் வேண்டும் என்று நிபந்தனைகள் இருக்கும். இங்கிலாந்தில் இதற்கு நிபந்தனைச் சேர்க்கை என்று பெயர். நிபந்தனைகள் நிறைவேறிய பிறகே நிபந்தனையற்ற கடிதம் வரும். அதன்பிறகு பல பல்கலைக்கழகங்கள் முன்பணம் கட்டச் சொல்லும். பணம் கட்டி, ஆவணங்களைச் சரிபார்த்து முடித்தபின் சிஏஎஸ் எனப்படும் சேர்க்கை உறுதி எண்ணைத் தருவார்கள். அந்த எண் இல்லாமல் மாணவர் விசாவுக்கு விண்ணப்பிக்கவே முடியாது. ஆக, இவர் நிற்பது நாலைந்து படிகளில் முதல் படியில்.

மற்ற நாடுகளிலும் இதே கதைதான், பெயர்கள்தான் வேறு. ஜெர்மனியில் ‘ட்சூலாசுங்’ என்பது சேர்க்கை அனுமதி மட்டும். குறித்த தேதிக்குள் ‘இம்மாட்ரிகுலாட்சியோன்’ எனும் பதிவை முடித்தால்தான் மாணவர். அமெரிக்காவில் சேர்க்கைக் கடிதம் வந்தபின், படிப்புச் செலவுக்குப் பணம் இருப்பதைக் காட்டி, மாணவர் விசாவுக்குத் தேவையான ஐ-20 படிவத்தைப் பல்கலைக்கழகத்திடம் வாங்கி, சேவிஸ் எனும் வெளிநாட்டு மாணவர் பதிவு அமைப்புக்கான கட்டணம் செலுத்தி, டிஎஸ்-160 எனும் விசா விண்ணப்பப் படிவத்தை நிரப்பி, அதன் பிறகுதான் விசா நேர்காணல். ஐரோப்பாவின் எராஸ்மஸ் முண்டுஸ் போன்ற உதவித்தொகைத் திட்டங்களில் முதன்மைப் பட்டியல், காத்திருப்புப் பட்டியல் என்று இரண்டு உண்டு. காத்திருப்பில் பெயர் வந்ததைத் ‘தேர்வு’ என்று அறிவித்துவிட்டுப் பிறகு விளக்கம் சொல்லித் தவிப்பவர்கள் உண்டு.

அறிவிக்கவே கூடாது என்பதல்ல இதன் பொருள். நிபந்தனைச் சேர்க்கையும் மகிழ்ச்சிக்குரியதுதான், அதை அந்தப் பெயரிலேயே சொல்லலாம். ‘இடம் கிடைத்திருக்கிறது’ என்பதற்கும் ‘போகிறேன்’ என்பதற்கும் இடையே இருக்கும் தூரம் சில சமயம் நான்கு மாதம். அந்த நான்கு மாதத்தில் ஒரு மதிப்பெண் குறைந்து இடம் நழுவினால், மறுபடி ஊருக்கெல்லாம் சொல்ல வேண்டிய வேலை மாணவரைவிட அம்மா அப்பாவுக்குத்தான் அதிகம்.

ஸ்காலர்ஷிப் என்ற சொல்லும் இப்படித்தான். இந்த மாதிரியில் உள்ள மாணவருக்குக் கிடைத்தது கல்விக் கட்டணத்தில் ஐந்தில் ஒரு பங்கு தள்ளுபடி என்று வைத்துக்கொள்வோம். தங்கும் செலவு, விமானக் கட்டணம், காப்பீடு எல்லாம் அவர் கணக்கில்தான். ‘ஸ்காலர்ஷிப்புடன்’ என்று மொட்டையாக எழுதினால் படிக்கிறவர் முழுச்செலவும் கிடைத்துவிட்டது என்றே எடுத்துக்கொள்வார். கல்விக்கடனுக்கு ஜாமீன் நிற்கவிருக்கும் உறவினரும் அதையே நம்பி, பிறகு அப்பாவிடம் கணக்குக் கேட்பார். தள்ளுபடி, கட்டண விலக்கு, மாத உதவித்தொகை, ஆய்வு உதவியாளர் பணி ஆகிய நான்கும் வெவ்வேறு. கடிதத்தில் எது இருக்கிறதோ அதை அப்படியே எழுதினால் போதும். இன்னொன்று, சில உதவித்தொகை அமைப்புகள் தாங்கள் அதிகாரபூர்வமாக வெளியிடும்வரை பொதுவில் சொல்ல வேண்டாமென்று மின்னஞ்சலிலேயே கேட்டுக்கொள்ளும். அந்த வரி பெரும்பாலும் கடைசிப் பத்தியில்தான் இருக்கும். மகிழ்ச்சியில் கடைசிப் பத்திவரை யார் படிக்கிறார்கள்?

ஒரு வார்த்தைகூட மாற்றாமல்

துறைத்தலைவருக்கு நன்றி சொல்லும் வரிதான் இந்தப் பதிவிலேயே கனமானது. அதில் சிக்கல் எங்கே என்று புரிய, பரிந்துரைக் கடிதம் எப்படிப் போய்ச் சேருகிறது என்று பார்க்க வேண்டும். விண்ணப்பத்தில் பரிந்துரையாளரின் பெயர், பதவி, அலுவலக மின்னஞ்சல் ஆகியவற்றை மாணவர் கொடுக்கிறார். பல்கலைக்கழகம் அந்த முகவரிக்கு நேரடியாக ஓர் இணைப்பை அனுப்புகிறது. பேராசிரியர் உள்ளே போய் ஒரு படிவத்தை நிரப்ப வேண்டும்: மாணவரை எத்தனை ஆண்டாகத் தெரியும், எந்தப் பாடம் நடத்தினீர்கள், உடன் படித்தவர்களோடு ஒப்பிட்டால் முதல் 5 விழுக்காட்டில் வருவாரா, 10 விழுக்காட்டிலா, 25-இலா என்பது போன்ற கேள்விகள். பிறகு கல்லூரியின் கடிதத்தாளில் கையெழுத்திட்ட கடிதத்தைப் பதிவேற்ற வேண்டும். அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில், கடிதத்தைப் பின்னாளில் பார்க்கும் உரிமையைத் தள்ளுபடி செய்கிறீர்களா என்று மாணவரிடம் ஒரு கேள்வி இருக்கும். 1974-ஆம் ஆண்டின் கல்விப் பதிவுகள் சட்டத்தால் வந்த உரிமை அது. பெரும்பாலானவர்கள் தள்ளுபடி செய்வதாகக் குறிப்பார்கள், ஏனென்றால் மாணவர் பார்க்க மாட்டார் என்ற நிலையில் எழுதப்பட்ட கடிதத்துக்குத்தான் மதிப்பு.

இத்தனை ஏற்பாடும் ஒரே ஒரு காரணத்துக்காக. அந்தக் கடிதம் மாணவர் கைபடாத, வேறொருவரின் மதிப்பீடாக இருக்க வேண்டும். அப்படியிருக்க ‘நானே எழுதிக் கொடுத்தேன், அவர் கையெழுத்துப் போட்டார்’ என்று பொதுவில் எழுதுவது நன்றியாகத் தோன்றினாலும், அது ஒரு வாக்குமூலம். விண்ணப்பத்தைச் சமர்ப்பிக்கும்போது ‘இதில் உள்ளவை அனைத்தும் உண்மை’ என்று ஒரு கட்டத்தில் டிக் அடித்திருப்பார். தவறான தகவல் தெரியவந்தால், எந்தக் கட்டத்திலும், சேர்ந்து படிக்கத் தொடங்கிய பிறகும்கூட, சேர்க்கையை ரத்து செய்யலாம் என்று அதே பக்கத்தில் எழுதியிருக்கும்.

யார் போய்ப் பார்க்கப் போகிறார்கள் என்று தோன்றலாம். 2024-இல் அமெரிக்காவின் லீஹை பல்கலைக்கழகத்தில் இளங்கலை படித்துக்கொண்டிருந்த ஒரு மாணவர், தன் சேர்க்கைக்காகப் போலிச் சான்றிதழ்கள் தயாரித்த கதையை ரெடிட் தளத்தில் பெயர் சொல்லாமல் எழுதினார். கல்லூரியின் பெயரையும் சொல்லவில்லை. ஆனால் அந்தக் கணக்கு பின்தொடர்ந்த ஒரே கல்லூரிப் பக்கம் லீஹையுடையது என்பதை அந்தத் தளத்தின் நெறியாளர் ஒருவர் கவனித்துப் பல்கலைக்கழகத்துக்குத் தகவல் கொடுத்தார். விசாரணை, கைது, வழக்கு என்று போய்க் கடைசியில் படிப்பை விட்டு நாடு திரும்ப வேண்டியதாயிற்று. போலிச் சான்றிதழும், ஆசிரியர் கையெழுத்திட்ட சுயபுராணமும் ஒரே எடையுள்ள குற்றங்கள் அல்ல, உண்மைதான். பெயரே இல்லாத ஒரு பதிவிலிருந்து அவ்வளவு தூரம் போக முடிந்தது என்பதுதான் இங்கே கவனிக்க வேண்டியது. நம் மாதிரிப் பதிவிலோ, எழுதியவரின் கணக்கையும் கீழே உள்ள கடிதத்தையும் சேர்த்துப் பார்த்தால் பெயர், கல்லூரி, துறைத்தலைவர், போகப்போகும் பல்கலைக்கழகம் எல்லாமே கிடைத்துவிடும்.

இதில் அதிகம் அடிபடப் போவது மாணவர்கூட அல்ல, பேராசிரியர். ஒரே ஆளிடமிருந்து வந்த நான்கு கடிதங்களில் சொற்றொடர்கள் ஒன்றுபோல இருந்தாலே சேர்க்கைக் குழுவுக்கு உறுத்தும். இந்த ஒரு பதிவு கண்ணில் பட்டுவிட்டால், அந்தத் துறையிலிருந்து வருகிற எல்லாக் கடிதங்களையும் சந்தேகத்தோடுதான் பார்ப்பார்கள். ‘எழுதி எடுத்துக்கொண்டு வா, கையெழுத்துப் போட்டுத் தருகிறேன்’ என்று சொல்லும் ஆசிரியர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். என் கணக்கில் தவறு முதலில் அவர்களுடையது. மாணவர் வேறு என்ன செய்வார்? இருந்தாலும் அதற்கு ஒரு வழி உண்டு. முழுக் கடிதமாக எழுதாமல், ஒரு பக்கக் குறிப்பு தயாரித்துக் கொடுக்கலாம்: அவரிடம் படித்த பாடங்கள், வாங்கிய மதிப்பெண், செய்த திட்டப்பணியில் எந்தப் பகுதி தன்னுடையது, எங்கே தடுமாறி எப்படிச் சரிசெய்தார், எந்தெந்தப் பல்கலைக்கழகம், கடைசித் தேதி எது. இது எங்கும் ஏற்கப்பட்ட நடைமுறை. பல பேராசிரியர்கள் அவர்களாகவே கேட்டு வாங்குவார்கள். குறிப்பிலிருந்து ஆசிரியர் தன் சொற்களில் எழுதுவது அரை மணி நேர வேலை. அப்படி எழுதப்பட்ட கடிதத்துக்கு நன்றி சொல்வதில் ஒளிக்க எதுவுமில்லை.

ஏற்கெனவே தானே எழுதித் தந்தாகிவிட்டது என்றால்? பதிவிலிருந்து அந்த வரியை எடுத்துவிடுவதால் நடந்தது மாறாது என்பதை ஒப்புக்கொண்டுதான் ஆக வேண்டும். அடுத்த விண்ணப்பத்தில் அதைச் செய்யாமலிருக்கலாம். இந்தப் பதிவைப் பொறுத்தவரை, நடக்காத ஒன்றை நடந்ததாகப் புகழ்ந்து இன்னொரு பொய்யைச் சேர்க்க வேண்டாம். ‘என் திறமையை ஆழமாக அறிந்து பரிந்துரைத்த துறைத்தலைவர்’ என்று மெருகேற்றினால் முன்பு இருந்ததைவிட மோசம். அவர் உண்மையில் செய்தது ஏதாவது இருக்கும். கடைசித் தேதிக்கு முந்தின நாள், விடுமுறையிலும் ஆறு பல்கலைக்கழகங்களின் படிவங்களை உட்கார்ந்து நிரப்பியிருப்பார். ஆறு இணைப்பு, ஆறு கடவுச்சொல், ஆறு முறை அதே கேள்விகள். அதுவே ஒரு நல்ல நன்றிக்குப் போதுமான விஷயம்.

அக்கா விஷயமும் இதே கணக்குதான். எஸ்ஓபி என்கிற நோக்க அறிக்கை விண்ணப்பதாரரின் சொந்த எழுத்து என்று உறுதிமொழி கொடுத்தே அனுப்பப்படுகிறது. எழுத்துப்பிழை திருத்துவது, ‘இந்தப் பத்தி எதற்கு, இதை ஏன் சொல்கிறாய்’ என்று கேட்டுக் குடைவது, நீளத்தைக் குறைக்கச் சொல்வது எல்லாம் உதவி. அக்கா எழுதித் தந்தால் அது அக்காவின் அறிக்கை. பெரும்பாலான வீடுகளில் நடப்பது முதல் வகைதான். அக்கா நான்கு இரவு உட்கார்ந்து கேள்வி கேட்டிருப்பார், தம்பி நான்கு முறை மாற்றி எழுதியிருப்பான். பாசத்தில் ‘அக்காதான் எழுதித் தந்தாள்’ என்று மிகைப்படுத்தும்போது, செய்யாத தவறுக்குத் தானே சாட்சி சொல்கிறான்.

காட்டுவதற்கான பணம்

சித்தப்பாவின் வரியில் உள்ள ஒரே பிரச்சினை ‘காட்டுவதற்கு’ என்ற சொல். இங்கிலாந்து மாணவர் விசாவுக்கு, கட்ட வேண்டிய பாக்கிக் கல்விக் கட்டணமும் அதிகபட்சம் 9 மாத வாழ்க்கைச் செலவும் வங்கியில் தொடர்ந்து 28 நாட்கள் இருக்க வேண்டும். அந்த 28 நாள் முடிகிற தேதி, விண்ணப்பிக்கும் நாளுக்கு 31 நாட்களுக்குள் இருக்க வேண்டும். ஒரே ஒரு நாள் தொகை குறைந்தாலும் கணக்கு முதலிலிருந்து. கணக்கு மாணவர் பெயரிலோ, பெற்றோர் அல்லது சட்டப்பூர்வப் பாதுகாவலர் பெயரிலோ இருந்தால்தான் செல்லும். சித்தப்பா பெயரில் உள்ள சேமிப்பை அங்கே காட்ட முடியாது. அதனால்தான் அவர் அப்பாவின் கணக்குக்கு மாற்றித் தந்திருப்பார். அந்தப் பணம் உண்மையாகவே படிப்புக்கு என்றால் பிரச்சினை இல்லை. 28 நாள் கழித்துத் திரும்பப் போகிற பணம் என்றால், அது மாணவரின் கையில் இருக்கும் பணமே அல்ல என்றுதான் அதிகாரி கொள்வார். ‘காட்டுவதற்குப் புரட்டிய பணம்’ என்று எழுதினால் இரண்டில் எது என்பதை அதிகாரி யோசிக்க வேண்டிய அவசியமே இராது.

அமெரிக்காவுக்குப் போகிறவருக்கு இதே சித்தப்பா தன் பெயரிலேயே பொறுப்பேற்கலாம். படிப்புச் செலவை ஏற்பதாக ஒரு கடிதமும் தன் வங்கி அறிக்கையும் தந்தால் பல்கலைக்கழகம் அதை வைத்து ஐ-20 தரும். ஒரு நாட்டில் செல்லாத உதவி இன்னொரு நாட்டில் முறையான ஸ்பான்சர்ஷிப். ஆகவே நண்பர் ஒருவர் போட்ட பதிவைப் பார்த்து அதே வரியைத் தன் பதிவிலும் எழுதுவது ஆபத்து.

பதிவுகளை விசா அதிகாரிகள் பார்ப்பார்களா என்ற கேள்விக்கு அமெரிக்காவைப் பொறுத்தவரை பதில் தெளிவாகவே இருக்கிறது. 2019-இலிருந்து டிஎஸ்-160 படிவம், கடந்த 5 ஆண்டுகளில் பயன்படுத்திய சமூக ஊடகக் கணக்குகளின் பெயர்களைக் கேட்கிறது. 2025 ஜூனில், மாணவர் மற்றும் பரிமாற்ற விசாவுக்கு விண்ணப்பிப்பவர்கள் தங்கள் கணக்குகளை எல்லோரும் பார்க்கும்படி திறந்து வைக்க வேண்டும் என்று அந்நாட்டு வெளியுறவுத் துறை அறிவித்தது. நண்பர்களுக்கு மட்டும் என்று பூட்டி வைத்து எழுதிய நன்றியும் நேர்காணல் காலத்தில் திறந்துதான் இருக்கும்.

குடும்பக் கடனைப் பற்றி இன்னொரு சொல். ‘வீட்டை அடமானம் வைத்து என்னை அனுப்புகிறார் அப்பா’ என்று எழுதுவது தியாகத்தைப் போற்றுவதாகப் பிள்ளைக்குத் தோன்றும். அப்பாவுக்கு அது தன் வரவு செலவை ஊர் முன் விரித்ததாகத் தோன்றலாம். கேட்டுவிட்டு எழுதலாம், கேட்பது ஒரு நிமிட வேலை.

கடிதத்தின் படம்

இதை நீளமாகப் பேச வேண்டியதில்லை. சேர்க்கைக் கடிதத்தில் விண்ணப்ப எண், பிறந்த தேதி, வீட்டு முகவரி, சிலவற்றில் பாஸ்போர்ட் எண், மூலையில் ஒரு கியூஆர் குறி இருக்கும். விண்ணப்ப எண்ணும் பிறந்த தேதியும் தெரிந்தவர், மாணவர் பெயரில் பல்கலைக்கழகத்துக்கே மின்னஞ்சல் எழுதலாம். விசா வேகமாக முடித்துத் தருகிறேன், விடுதி அறை பிடித்துத் தருகிறேன், பாக்கி முன்பணத்தை இந்தக் கணக்குக்குக் கட்டுங்கள் என்று வருகிற செய்திகளில் விண்ணப்ப எண் சரியாக இருந்தால் யாருக்கும் சந்தேகம் வராது. அந்த எண்ணைக் கொடுத்ததே தன் பதிவுதான் என்பது நினைவுக்கும் வராது.

மறைத்துத்தான் போடுகிறோம் என்பவர்கள் எதைக்கொண்டு மறைக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். கைப்பேசியில் இருக்கும் ஹைலைட்டர் தூரிகை முழுக்க மறைக்காது. கறுப்பாக இரண்டு முறை இழுத்தாலும், படத்தின் வெளிச்சத்தைக் கூட்டினால் அடியில் உள்ள எண்கள் தெரிந்துவிடும். பிடிஎஃப்-இல் கறுப்புக் கட்டம் வரைந்தால் எழுத்து அப்படியே அடியில் இருக்கும், தேர்ந்தெடுத்து நகலெடுத்தால் வந்துவிடும். வெட்டியெடுப்பதும் எப்போதும் பாதுகாப்பாக இருந்ததில்லை: 2023-இல் கூகுள் பிக்சல் கைப்பேசிகளின் படத்திருத்தியில் ஒரு பிழை வெளியானது, வெட்டிய ஸ்கிரீன்ஷாட்டுகளிலிருந்து வெட்டப்பட்ட பகுதியை ஓரளவு மீட்க முடிந்தது. கடிதமே வேண்டாம் என்பது என் கட்சி. பல்கலைக்கழகத்தின் பெயரை எழுத்தில் சொன்னாலே எல்லோரும் நம்புவார்கள்.

ஆசிரியருக்கு முதலில்

பொதுவில் போடுவதற்கு முன் ஒரு மின்னஞ்சல் போக வேண்டும், அதுதான் பெரும்பாலும் விட்டுப்போகிறது. பரிந்துரை எழுதிய ஆசிரியர், மாணவருக்கு இடம் கிடைத்ததை வேறொருவர் காட்டிய கைப்பேசித் திரையில் தெரிந்துகொள்வது வருத்தமான விஷயம். அவருக்கு வேண்டியது புகழ்ச்சி அல்ல, முடிவு. ஆறு இடங்களுக்கு எழுதினாரே, எது என்ன ஆயிற்று? இவ்வளவு போதும்:

“வணக்கம் சார். நீங்கள் பரிந்துரை எழுதித் தந்த ஆறு இடங்களில் இரண்டில் இடம் கிடைத்திருக்கிறது, மூன்றில் இல்லை என்று சொல்லிவிட்டார்கள், ஒன்றிலிருந்து இன்னும் பதில் வரவில்லை. இங்கிலாந்தில் கிடைத்த தரவு அறிவியல் இடத்தை ஏற்றுக்கொள்ளலாம் என்று இருக்கிறேன், அங்கே புள்ளியியல் பாடங்கள் அதிகம். மற்றொன்றை நேற்றே வேண்டாமென்று எழுதிவிட்டேன். இதைப் பதிவாகப் போடும்போது உங்கள் பெயரைக் குறிப்பிடலாமா சார்?”

எந்த இடத்தில் கிடைத்தது, எங்கே கிடைக்கவில்லை என்ற விவரம் அடுத்த ஆண்டு அவர் வேறு மாணவருக்கு வழிசொல்லும்போது உதவும். வேண்டாத இடத்தை உடனே மறுத்துவிட்டதைச் சொல்வதிலும் பொருள் உண்டு. அந்த இடம் காத்திருப்புப் பட்டியலில் உள்ள ஒருவருக்குப் போகும், அவர் அதே துறையின் மாணவராகவே இருக்கலாம். பெயர் போடலாமா என்று கேட்பதற்கும் காரணம் இருக்கிறது. சில ஆசிரியர்களுக்குப் பதிவில் பெயர் வந்த மறுவாரம் முன்பின் தெரியாத நாற்பது பேர் கடிதம் கேட்டு எழுதுவார்கள்.

நன்றிப் பட்டியலில் வராத ஒருவரும் இருக்கிறார். மதிப்பெண் பட்டியல்களை உறையில் போட்டு முத்திரையிட்டுத் தந்த தேர்வுப் பிரிவு ஊழியர். முதல் பருவத்தின் ஒரு பாடக் குறியீடு தவறாக அச்சாகியிருந்ததைக் கண்டுபிடித்து, பழைய பதிவேட்டைத் தேடித் திருத்தி, கடைசித் தேதிக்கு முன் கொடுத்தது அவராக இருக்கலாம். அந்தக் குறியீடு அப்படியே போயிருந்தால் சரிபார்ப்பில் விண்ணப்பம் இரண்டு வாரம் நின்றிருக்கும். துறைத்தலைவரைவிட இவர் செய்தது பெரிதாகக்கூட இருக்கலாம். ‘அனைவருக்கும் நன்றி’ என்ற சொல் இவரைத்தான் விழுங்கிவிடுகிறது.

‘முடியாது என்று சொன்னவர்களுக்கும் நன்றி’ என்ற வரியை மட்டும் விவாதம் இல்லாமல் வெட்டிவிடலாம். அது யாரைக் குத்துகிறது என்று குடும்பத்தில் எல்லோருக்கும் தெரியும், அந்த ஆளுக்குப் பதில் சொல்லப்போவது அம்மாதான்.

இப்போது அதே மாணவரின் பதிவு இப்படி வரும்:

“இங்கிலாந்தில் தரவு அறிவியல் முதுகலைக்கு நிபந்தனையுடன் இடம் கிடைத்திருக்கிறது. கடைசிப் பருவ முடிவு வந்தபின் உறுதியாகும். கல்விக் கட்டணத்தில் ஐந்தில் ஒரு பங்கைப் பல்கலைக்கழகம் தள்ளுபடி செய்திருக்கிறது. நேரியல் இயற்கணிதத்தில் நான் 41 வாங்கியபோது விடைத்தாளைத் திருப்பித் தந்து, ‘எந்த வரியில் வழுக்கினாய் என்று நீயே கண்டுபிடித்து வா’ என்று சொன்ன கணிதப் பேராசிரியருக்கு நன்றி. ஆறு பல்கலைக்கழகங்களின் படிவங்களை விடுமுறை நாளில் உட்கார்ந்து நிரப்பிய துறைத்தலைவருக்கு நன்றி. முதல் பருவப் பட்டியலில் இருந்த பிழையைக் கண்டுபிடித்த தேர்வுப் பிரிவு அண்ணனுக்கு நன்றி. என் எஸ்ஓபியின் ஒவ்வொரு பத்தியையும் ‘இது எதற்கு’ என்று கேட்டு நான்கு முறை மாற்றி எழுத வைத்த அக்காவுக்கு நன்றி. பதில் வருகிறதா என்று நான் இரவெல்லாம் விழித்திருந்த இரண்டு மாதமும், ஒன்றும் கேட்காமல் கூடத்து விளக்கை அணைக்காமல் விட்டுவைத்த அம்மா அப்பாவுக்கு நன்றி.”

ஏற்கெனவே பழைய வடிவத்தைப் போட்டுவிட்டவர்களுக்கு ஒன்று. ஃபேஸ்புக்கில் பதிவைத் திருத்தினால், பழைய வடிவம் திருத்த வரலாற்றில் நிற்கும், பதிவைப் பார்க்க முடிகிற எவரும் அதைத் திறந்து பார்க்கலாம். விண்ணப்ப எண்ணோ அப்பாவின் கடன் விவரமோ அதில் இருந்தால், திருத்திக்கொண்டிருக்காமல் நீக்கிவிட்டுப் புதிதாகப் போட வேண்டும்.

சித்தப்பாவின் பெயர் புதிய வடிவத்தில் இல்லை. அந்தப் பணம் படிப்புக்கா, 28 நாளுக்கா என்பதை முதலில் அவரோடும் அப்பாவோடும் உட்கார்ந்து பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டும். நன்றியை அங்கேயே, நேரில் சொல்லிவிடலாம்.